மாசானம் எழுதிய வேலைக் கடிதம்

போடிநாயக்கனூர் ஏலக்காய் மண்டிகளில் மூட்டையைப் பிரித்ததும் எல்லோரும் மேலே கிடக்கும் காயைத்தான் அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். மாசானம் அண்ணன் மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தோள்வரை மூட்டைக்குள் கையை விட்டு, அடியில் கிடப்பதைப் பிடி நிறைய எடுத்து வெளியே கொண்டுவருவார். மேலே பச்சைப்பசேல் என்று நல்ல காயைப் பரப்பி, வெளுத்ததையும் வெடித்ததையும் அடியில் போடுவது எங்கள் ஊரில் ஊரறிந்த வழக்கம். விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பேரம் பேசுவதற்கு ஏதாவது வேண்டாமா?

மாசானம் அண்ணன் ஒரு மண்டியில் இருபத்தாறு வருஷமாகக் கணக்குப்பிள்ளை. வெளியூர் வியாபாரிகளுக்குச் சரக்கைப் பற்றிக் கடிதம் எழுதுவது அவருடைய முக்கியமான வேலை. கடிதத்தின் முதல் வரியிலேயே குறையை எழுதிவிடுவார். 'இந்தச் சரக்கில் கால்வாசி நிறம் வெளுத்தது, மழையில் நனைந்து காய்ந்தது' என்று ஆரம்பித்து, கடைசியில்தான் நல்லதைச் சொல்வார். அந்த மண்டி முதலாளி ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு விருதுநகர்க்காரர்கள் சாம்பிள்கூடக் கேட்காமல், மாசானத்தின் கடிதத்தை மட்டும் பார்த்து மூட்டை மூட்டையாக வாங்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நான் ஜக்கையன். போடியில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பொதுக்கூட்டச் சுவரொட்டி என்று எது வேண்டுமானாலும் வாசகத்தோடு அச்சடித்துத் தருவேன். என் தமிழுக்குப் போடியில் நல்ல பெயர். அந்தப் பெயர் எப்படிச் சந்தி சிரித்தது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மாசானம் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் கதையை மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

எங்கள் ஊர் ஏலக்காய் வியாபாரிகள் மூட்டைக்கு இரண்டணா மகமை என்று தர்மத்துக்கு எடுத்துவைத்து ஒரு தாய்சேய் நலச் சங்கம் நடத்திவந்தார்கள். மலைச் சரிவில் மஞ்சப்பாறை என்ற இடத்தில் சங்கத்துக்கு ஒரு பிரசவ நிலையம். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். எஸ்டேட் முதலாளி ஒச்சப்பன் வாடகை இல்லாமல் கொடுத்திருந்த காய் மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி அது. சுற்றியுள்ள ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் அங்கே வந்து பிள்ளை பெறலாம், அல்லது அங்கிருந்து நர்ஸ் அவர்கள் குடியிருப்புக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. மாசானம் அண்ணன் சங்கத்துக்குச் சம்பளம் இல்லாத செயலாளர். நானும் ஒச்சப்பன் முதலாளியும் கமிட்டி உறுப்பினர்கள்.

ஏற்பாடெல்லாம் சரி, நர்ஸ்தான் தங்கவில்லை. ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆடியில் ஒருத்தி வந்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். கார்த்திகையில் இன்னொருத்தி வந்தாள். அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை. தாழ்வாரத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கையில் இருந்த காகிதத்தை மாசானம் அண்ணனிடம் நீட்டி, "இந்த லெட்டர்ல எழுதியிருக்கிற ஊரு எங்க இருக்குன்னு சொல்லுங்கய்யா. என்னை அங்க கொண்டுபோய் விட்டுருங்க" என்றாள்.

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். 'மலையன்னையின் மடியில், தென்றல் தாலாட்டும் தேனருவிச் சாரலில், தொண்டுள்ளம் கொண்ட தூய மங்கைக்குத் தோகை விரித்துக் காத்திருக்கிறது மஞ்சப்பாறை' என்று எழுதியிருந்தேன். கமிட்டியில் வாசித்தபோது கைதட்டினார்கள். கைதட்டு வாங்குவதற்கு எழுதினால் கைதட்டுத்தான் கிடைக்கும், நர்ஸ் கிடைக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தை மாதம் கமிட்டி கூடியது. ஒச்சப்பன் முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நான் கெட்டவன் இல்லப்பா. ஆனா பூட்டிக் கெடக்குற கட்டடத்த எத்தன நாளைக்கு விடுறது? எனக்குக் காய் போட எடமில்ல. பங்குனி கடேசி நாள் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஒரு நர்சு அங்க வந்து சோலியப் பாத்தா, கட்டடம் ஒங்களுக்கு. இல்லேன்னா என் மூட்டைய ஏத்திருவேன்."

கட்டடம் போனால் சங்கம் போன மாதிரிதான். இன்னொரு கட்டடம் கட்டச் சங்கத்திடம் வழி கிடையாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்னும் அழகாக ஒரு கடிதம் எழுதத் தயாராக நானும் தொண்டையைக் கனைத்தேன். அப்போது மாசானம் அண்ணன் எழுந்து, "இந்தத் தடவ நான் எழுதுறேன்" என்றார்.

எழுதுகிறேன் என்றவர் உடனே எழுதவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. முதலில் ஓடிப்போன இரண்டு நர்ஸுகளுக்கும் கார்டு போட்டார். 'தாங்கள் ஏன் போனீர்கள் என்று தெரிந்தால் திருத்திக்கொள்வோம். தங்கள் மேல் வருத்தம் இல்லை' என்று எழுதினார். ஓடிப்போனவளிடம் காரணம் கேட்கிற மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டாவது வந்தவள் பதில் போடவில்லை. முதலில் வந்தவள் நாலு பக்கம் எழுதியிருந்தாள். கழிப்பறைக்குக் கதவு இல்லை. குடியிருப்புகளிலிருந்து அழைப்பு வந்தால் காட்டுப்பாதையில் தனியாகப் போகவேண்டியிருந்தது. மருந்து தீர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் போடிக்குச் சீட்டு எழுதி, கமிட்டி கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளம் குறைவு என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தாள்.

பிறகு மாசானம் அண்ணன் மண்டியில் லீவு சொல்லிவிட்டு மலையேறினார். மூன்று நாள் அந்தக் கட்டடத்திலேயே தங்கினார். குடியிருப்பு குடியிருப்பாக நடந்து எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை தங்கியது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். இறங்கி வந்ததும் கமிட்டியிடம் இரண்டு விஷயம் கேட்டார். கழிப்பறைக்குக் கதவு போடவேண்டும். எங்கே போனாலும் நர்ஸோடு கூடப்போக, மஞ்சப்பாறையிலேயே இருக்கும் இருளம்மாளை மாதச் சம்பளத்துக்கு வைக்கவேண்டும். இரண்டுக்கும் சம்மதித்தோம். நர்ஸ் சம்பளத்தை ஐம்பத்தைந்து ரூபாய்க்கு மேல் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டோம். அவரும் மகமைக் கணக்கைப் பார்த்துவிட்டு, முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கடிதம். என் அச்சகத்தில் அதன் நகல் இன்னும் இருக்கிறது. அப்படியே தருகிறேன்.

'அன்புள்ள அம்மா, மஞ்சப்பாறை பிரசவ நிலையத்துக்குப் பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் வேண்டும். தாங்கள் யோசிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன்.

சம்பளம் மாதம் ஐம்பத்தைந்து ரூபாய். மதுரையில் இதைவிட அதிகம் கிடைக்கும். பின்னால் உயர்த்துவோம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் எனக்குத் தெரியாது. சங்கத்தின் வருமானம் ஏலக்காய் மூட்டையைப் பொறுத்தது. விளைச்சல் குறைந்தால் வருமானம் குறையும். அதனால் தங்களுடைய ஆறு மாதச் சம்பளத்தைத் தபாலாபீஸில் தனியாகப் போட்டிருக்கிறோம். ஒரு வருஷத்துக்கு மேல் உறுதி சொல்ல முடியாது.

போடியிலிருந்து ஜீப்பு போகும் இடம் வரை போய், அதற்கு மேல் மூன்று மைல் நடக்கவேண்டும். மழைக்காலத்தில் அட்டை உண்டு. மின்சாரம் இல்லை. தங்க ஓர் அறை உண்டு, வாடகை இல்லை. கட்டில் இல்லை. கழிப்பறைக்கு இப்போதுதான் கதவு போட்டோம். டாக்டர் இல்லை. சிக்கலான பிரசவத்தைப் போடிக்குத்தான் அனுப்பவேண்டும். தூக்கிக்கொண்டு இறங்க நாலு பேருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கீழே வந்துசேர நாலு மணி நேரம் ஆகும். இதற்கு முன் வந்த இருவர் தங்கவில்லை. குறை எங்களுடையது.

இந்தச் சரிவில் சென்ற வருஷம், நான் விசாரித்தவரை, எழுபத்திரண்டு பிரசவம். ஒன்பது குழந்தைகள் பிழைக்கவில்லை. தாய்மார் மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கீழே தூக்கிவரும் வழியில் இறந்தார்கள். நர்ஸ் இருந்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலராவது பிழைப்பார்கள் என்று போடி டாக்டர் சொல்கிறார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தாங்கள் ஒரு தடவை வந்து பார்க்கலாம். போகவர ரயில் செலவு எங்களுடையது. பார்த்துவிட்டு வேண்டாம் என்றாலும் எங்களுடையதுதான். வர விருப்பம் இல்லை என்றால் கார்டில் ஒரு வரி போட்டால் போதும். காரணம் எழுதவேண்டியதில்லை.'

இதைக் கமிட்டியில் வாசித்தபோது யாரும் கைதட்டவில்லை. ஒருவர் சிரித்தார். நான் கொதித்துப்போனேன். "என்ன அண்ணே இது, வேலைக்குக் கூப்பிடுற லெட்டரா, வராதேன்னு வெரட்டுற லெட்டரா? தொண்டுன்னு ஒரு வார்த்தை உண்டா இதுல? சேவைன்னு ஒரு வார்த்தை உண்டா?" என்று கத்தினேன்.

"சேவைன்னு நாம சொல்லக் கூடாதுப்பா" என்றார் அவர். "குறஞ்ச சம்பளம் குடுக்குறது நாம. அத அவுக சேவைன்னு சொல்லிக்கிட்டா அவுக பெருந்தன்மை. நாம சொன்னா ஏமாத்து."

நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். என்னோடு இரண்டு பேர் போட்டார்கள். ஒச்சப்பன் முதலாளி, "எப்படியும் எவளும் வரப்போறதில்ல, எழுதிட்டுப் போகட்டும்" என்று சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். அந்த ஒரு ஓட்டில் கடிதம் பிழைத்தது.

மதுரையில் மூன்று நர்ஸுகளின் விலாசத்தை விசாரித்து மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்குப் பதில் இல்லை. ஒன்றுக்கு 'இயலாது' என்று கார்டு வந்தது. மூன்றாவது ஆள், 'உண்மையைச் சொன்னதற்கு நன்றி. என் குடும்பம் பெரிது, என்னால் முடியாது. தங்கள் கடிதத்தை என் தோழி சாராளிடம் கொடுத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். 'என் கடிதத்தை இதுவரை யாராவது இன்னொருத்தர் கையில் கொடுத்ததுண்டா?' என்று அன்றைக்கு முதல்முறையாக என்னையே கேட்டுக்கொண்டேன்.

மாசி நடுவில் சாராளின் கடிதம் வந்தது. மதுரையில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் எண்பது ரூபாய்ச் சம்பளம் வாங்குபவர். முப்பத்தாறு வயது, கணவர் இல்லை, திண்டுக்கல்லில் தாயார். இதையெல்லாம் எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'இத்தனை குறைகளை எழுதுகிறவர்கள்கூட ஒன்றை மறைப்பதுண்டு. தாங்கள் எழுதாமல் விட்டது எது?'

மாசானம் அண்ணன் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம், "பிடிச்சுட்டாகப்பா" என்றார்.

அவர் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. அன்றைக்கே எழுதிவிட்டார்: 'மலையில் அய்யம்மாள் என்று ஒரு மருத்துவச்சி இருக்கிறாள். நாற்பது வருஷமாக அவள்தான் பிரசவம் பார்க்கிறாள். பெண்கள் அவளை விட்டுவிட்டுத் தங்களிடம் வருவார்கள் என்று எனக்கு நிச்சயம் இல்லை. முன்னால் வந்தவர் இருந்த ஒன்பது நாளில் அவர் பார்த்த பிரசவம் ஒன்றுதான். தாங்கள் பல மாதம் சும்மா உட்கார நேரலாம். இதை எழுதினால் யாருமே வரமாட்டார்கள் என்று பயந்து விட்டுவிட்டேன். மன்னிக்கவேண்டும்.'

இனி அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். ஆனால், 'வந்து பார்க்கிறேன்' என்று பதில் வந்தது.

இப்போது என் புத்தியைச் சொல்லவேண்டும். கட்டடம் கைநழுவிப் போகப்போகிறது, ஒரே ஒரு பெண் பார்க்க வருகிறாள். அந்த வெறுமையான அறையைக் காட்டியா அனுப்புவது? மாசானம் அண்ணனுக்குத் தெரியாமல் நானும் இன்னும் இரண்டு கமிட்டிக்காரர்களும் முந்தின நாளே மலைக்கு ஆள் அனுப்பினோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஒச்சப்பன் முதலாளியின் எஸ்டேட் பங்களாவிலிருந்து ஒரு தேக்குக் கட்டிலை இரவல் வாங்கி, தலையணையும் பூப்போட்ட விரிப்பும் போட்டு வைத்தோம். மூட்டைக்கு மேலே நல்ல காயைப் பரப்புகிற ஊர்க்காரர்கள் வேறு என்ன செய்வோம்?

சாராள் காலை ரயிலில் வந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. மூன்று மைல் ஏற்றத்தில் நான்தான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். அவர் வழியில் குடியிருப்புகளையும் ஓடைகளையும் பற்றி மாசானம் அண்ணனிடம் கேட்டுக்கொண்டே வந்தார். கடிதத்தில் படித்ததை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது தெரிந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்துகொண்டிருந்தது.

அறைக்குள் நுழைந்தார். கட்டிலைப் பார்த்தார். அந்தத் தெளிவு அப்படியே போய்விட்டது.

"கட்டில் இல்லைன்னு எழுதியிருந்தீங்க" என்றார்.

மாசானம் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டிலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். சாராள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கட்டிலின் காலில் எஸ்டேட் முத்திரை இருந்தது. "அப்ப இது இரவல். நான் ஊருக்குத் திரும்பினதும் இதுவும் திரும்பிப் போயிடும். ஐயா, உங்க லெட்டர் நெசமா, இந்தக் கட்டில் நெசமா? எதை நம்பி நான் இருக்கிற வேலையை விடறது?" கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில் கேட்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் கட்டடம், சங்கம், அண்ணன் மூன்று நாள் மலையெல்லாம் நடந்தது, அத்தனையும் என்னால் போயிற்று. அவமானத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "அம்மா, மாசானம் அண்ணனுக்கு இது தெரியாது. நான்தான் கொண்டாந்து போட்டேன். முன்னால வந்த ரெண்டு பேருக்கும் பொய்யா எழுதி வெரட்டுனவனும் நான்தான்."

மாசானம் அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தார். கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து, "தூக்குப்பா அந்தப் பக்கம்" என்றார். இருவரும் அந்தத் தேக்குக் கட்டிலை வாசலில் சாய்த்து வெளியே எடுத்து, தாழ்வாரத்தைத் தாண்டி, ஏலச் செடிப் புதர் ஓரம் கொண்டுபோய்ப் போட்டோம். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், மூச்சு வாங்கியது. திரும்பி வந்து காலியான அறையைக் காட்டி, "இதுதான்மா ரூம்பு" என்றார்.

சாராள் அந்தக் காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "அய்யம்மாளைப் பாக்கணும்" என்றார்.

அய்யம்மாள் குடியிருப்பில் ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள். நாங்கள் நின்ற இடத்துக்கு வரமாட்டேன் என்றாள். சாராளே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் தள்ளி நின்றோம். சாராள் தன் பையைத் திறந்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக்குழலை எடுத்துக் கொடுத்ததும், அய்யம்மாள் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் வயிற்றில் வைத்து அய்யம்மாளையே கேட்கச் சொன்னார். கிழவி காதை வைத்துக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் சாராள் பேசினார். "ஐயா, மறைக்காம சொல்றேன். நர்ஸிங் ஹோம்ல எண்பது ரூபா. ரூம் வாடகை, பஸ்சு, சாப்பாடு போக எனக்குன்னு மிஞ்சறது இங்க மிஞ்சறதைவிட எட்டு ரூபாதான் ஜாஸ்தி. ஆனா அங்க நான் சாமான் கழுவறேன், வெந்நீர் போடறேன். படிச்ச வேலையைச் செய்ய விடறதில்லை. எட்டு ரூபாயை நான் விட்டுடறேன். மூணு விஷயம் மட்டும் எழுத்துல வேணும். மருந்து வாங்கறதுக்கு என் கையெழுத்து போதும்னு இருக்கணும். சம்பளம் ஒண்ணாந்தேதி வரணும். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் அம்மாவைப் பார்க்க நாலு நாள் சேர்ந்தாப்பல லீவு வேணும்."

"மருந்துக்கு மாசம் பதினஞ்சு ரூபா வரைக்கும்னா நாளைக்கே தீர்மானம் போட்டுருவோம். அதுக்கு மேலன்னா கமிட்டியக் கேக்கணும்" என்றார் மாசானம் அண்ணன். அந்த இடத்தில்கூட 'எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பதினஞ்சு போதும்" என்றார் சாராள்.

தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். மாசானம் அண்ணன் வேலை உத்தரவை எழுதிக் கடிதத்தோடு அனுப்பினார். ஆனால் சாராள் இருந்த இடத்தில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவேண்டும். கணக்குப் பார்த்தால் பங்குனி கடைசி நாளில்தான் வந்து சேரமுடியும். ஒச்சப்பன் முதலாளியிடம் சொன்னோம். "அன்னைக்கு அங்க நர்சு இருந்தா சரி. லெட்டரக் காட்டாதீக, ஆளக் காட்டுங்க" என்றார்.

பங்குனி கடைசி நாள் காலையிலேயே அவர் எட்டு ஆட்கள் தலையில் காய் மூட்டைகளை ஏற்றி மஞ்சப்பாறைக்கு வந்துவிட்டார். நானும் மாசானம் அண்ணனும் அதற்கு முன்பே அங்கே இருந்தோம். நர்ஸை ஸ்டேஷனில் அழைத்து ஜீப்பில் ஏற்றிவிடக் கீழே ஆள் வைத்திருந்தோம். ஜீப்பு நிற்கும் இடத்தில் இருளம்மாள் காத்திருந்தாள். காலை ரயிலில் வந்திருந்தால் பத்து மணிக்கு மேலே வந்திருக்கவேண்டும். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பாதையில் ஒருவரும் இல்லை.

மூட்டைக்காரர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். ஒச்சப்பன் முதலாளி கைக்கடிகாரத்தை என்னிடம் காட்டினார். "எத்தன நேரம்பா ஆளுகள ஒக்கார வச்சுச் சம்பளம் குடுக்குறது? பொழுது சாயிற வரைக்கும் ஒங்களுக்கு நேரம் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா மூட்டைய உள்ள வச்சுக்கிடறேன். வந்தா எடுத்துக்கிடலாம்."

உள்ளே வைத்த மூட்டை வெளியே வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மாசானம் அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். "மொதலாளி, அவுக வரேன்னு எழுதியிருக்காக. பொழுது சாஞ்சப்புறம் வைங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்." இருபத்தாறு வருஷமாக முதலாளிமார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்ற மனுஷன் அவர். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசல் அடைபட்டுவிட்டது.

ஒரு மணி இருக்கும். மேற்கே ஓடைப் பக்கமிருந்து இருளம்மாள் ஓடி வந்தாள். பாதை இருந்த திசை அதுவல்ல.

"எங்கத்தா போன? நர்சு வரலையா?" என்று கத்தினேன்.

"வந்து மூணு மணி நேரமாச்சு!" என்றாள் இருளம்மாள் மூச்சு இரைக்க. "ஏறி வர்ற வழியில அய்யம்மா ஆள் விட்டுருந்துச்சு. ஓடைக்கரைக் குடியிருப்புல நம்ம வேலுத்தாய்க்கு நேத்து வலி எடுத்தது, பிள்ளை திரும்பிக் கெடக்குதாம். அந்தம்மாவ வெரசாக் கூட்டியான்னு அய்யம்மாதான் சொல்லிவிட்டுச்சு. இந்தம்மா பெட்டியோட அங்கிட்டே போயிட்டாக. ரெண்டு பேருமாச் சேந்து எடுத்துட்டாக. கால் முன்னால வந்துச்சு அண்ணே, நான் கண்ணால பாத்தேன். ஆம்பளப் பிள்ள. ஆத்தாளும் பொழச்சுக்கிட்டா. தூக்கிக்கிட்டு இங்க வாராக, இங்க வச்சு ரெண்டு நாள் பாக்கணுமாம். கட்டில் கேட்டாக!"

வேலுத்தாய் ஒச்சப்பன் முதலாளியின் தோட்டத்தில் காய் எடுப்பவள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தார். ஓடைப் பக்கத்துத் திருப்பத்தில் நாலு பேர் கம்பளியில் கட்டித் தூக்கிவருவது தெரிந்தது. அதற்கு முன்னால் அய்யம்மாள், கையில் துணிப் பொட்டலம். பின்னால் சாராள், முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகி, நர்ஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு.

"அந்த மூட்டைகளத் திருப்பித் தூக்கிட்டுப் போங்கடா" என்றார் ஒச்சப்பன் முதலாளி. ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "தூக்கிட்டுப் போங்கன்னேன். பங்களாவுக்கு நாலு பேரு ஓடுங்க. அந்தத் தேக்குக் கட்டிலத் தூக்கியாங்க. ரெண்டா இருந்தா ரெண்டையும் தூக்கியாங்க."

மாசானம் அண்ணன் எழுந்து வழி விட்டார். சாராள் தாழ்வாரத்தில் பெட்டியை இறக்கிவிட்டு, "ஐயா, வேலையில சேர்ந்துட்டேன்" என்றார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

வேலுத்தாயைக் கட்டிலில் கிடத்தியபின், ஒச்சப்பன் முதலாளி என்னிடம் வந்து, "அச்சாபீசுக்காரரே, பத்திரம் எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "கட்டடம் சங்கத்துக்குன்னு எழுது. வருசம் போட வேணாம். என் காலத்துக்கு அப்புறமும் எவனும் மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்துறக் கூடாது, அப்படி எழுது" என்றார்.

என் சட்டைப் பையில் பேனா இருந்தது. மலையன்னை, தென்றல், தேனருவி எல்லாம் ஒரு நிமிஷம் வரிசையாக வந்து நின்றன. 'மஞ்சப்பாறைக் கட்டடத்தை, பிரசவம் பார்ப்பதற்காக, தாய்சேய் நலச் சங்கத்துக்கு எக்காலத்துக்கும் கொடுத்தேன்' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார்; உள்ளே பிள்ளை அழுத சத்தத்தில் அது என் காதில் விழவில்லை.